இரண்டு வகுப்புகளின் சராசரியை ஒப்பிட எத்தனை மாணவர்கள் வேண்டும்?

கேள்வி: ஒரு வகுப்புக்குப் பழைய முறையிலும் இன்னொரு வகுப்புக்குப் புதிய பயிற்சித்தாள்களை வைத்தும் ஒரே பாடத்தை நடத்தினோம். இரண்டிலும் 35 பேர். 100 மதிப்பெண் தேர்வில் சராசரி 58, 62. திட்டவிலக்கம் இரண்டிலும் ஏறக்குறைய 15. டி-டெஸ்ட்டில் பி மதிப்பு 0.27 வந்தது, அதனால் வேறுபாடு இல்லை என்கிறார்கள். எத்தனை மாணவர்கள் இருந்தால் இந்த 4 மதிப்பெண் உண்மையா என்று தெரியும்?

பதில்:

பக்கத்துக்குச் சுமார் 225 பேர். இது பாடநூல் தரும் விடை. ஆனால் ஒரு முறைக்கு ஒரே ஒரு வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 225 பேர் அல்ல, 2,000 பேர் இருந்தாலும் போதாது. முதலில் அந்த 225 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் அடுத்த சிக்கல் பிடிபடும்.

புதிய பயிற்சித்தாளால் எந்தப் பயனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு வகுப்பின் சராசரியும் ஒன்றாக இருக்காது. யார் எந்த வகுப்பில் விழுந்தார், யாருக்கு அன்று காய்ச்சல், யாருக்குத் தெரிந்த கேள்வியாகவே வந்தது என்று எத்தனையோ காரணங்களால் சராசரிகள் கொஞ்சம் முன்பின் நகரும். அந்த நகர்வின் அளவைத் திட்டப்பிழை என்கிறோம். திட்டவிலக்கம் 15, வகுப்புக்கு 35 பேர் என்றால், இரண்டு சராசரிகளின் வேறுபாட்டுக்கான திட்டப்பிழை 15 × √(2/35), அதாவது சுமார் 3.6 மதிப்பெண். வழக்கமான 5 சதவீத மட்டத்தில் "இது தற்செயல் அல்ல" என்று சொல்ல, வேறுபாடு அதைப்போல் இரண்டு மடங்கு, ஏறக்குறைய 7.2 மதிப்பெண் இருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது 4. டி-டெஸ்ட் கையை விரித்ததில் வியப்பில்லை.

அதற்காக "வேறுபாடு இல்லை" என்று படிப்பதும் தவறு. 4-க்கு இருபுறமும் 7.2 போட்டுப் பாருங்கள். உண்மையான வேறுபாடு −3-லிருந்து 11 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதுதான் உங்கள் தரவு சொல்வது. புதிய முறை சற்றே கெடுத்திருக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம், பெரிய அளவில் உதவியும் இருக்கலாம். இந்த மூன்றையும் 70 பேரின் மதிப்பெண்ணால் பிரித்துக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்போம். பயிற்சித்தாள் உண்மையிலேயே 4 மதிப்பெண் கூட்டுகிறது என்று கொள்வோம். இதே அளவு வகுப்புகளை வைத்து இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால், எத்தனை முறை 7.2-ஐத் தாண்டும்? ஐந்தில் ஒரு முறைதான். இந்த விகிதத்தைத்தான் பவர் என்கிறார்கள். உங்கள் ஆய்வின் பவர் 20 சதவீதம். உண்மையாக இருக்கும் ஒன்றை ஐந்தில் நான்கு முறை தவறவிடும் சோதனை அது.

நடைமுறையில் 80 சதவீதப் பவரைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை எட்ட, உண்மையான வேறுபாடு திட்டப்பிழையைப்போல் 2.8 மடங்கு இருக்க வேண்டும். இந்த 2.8-இல் 1.96 தற்செயலைத் தாண்டுவதற்கு, மீதி 0.84, தாண்டியபின் நமக்கு வேண்டிய 80 சதவீத உறுதிக்கு. இதைத் திருப்பி எழுதி முழு எண்ணாக்கினால் கைக்கணக்குக்கு ஏற்ற ஒரு சூத்திரம் கிடைக்கும்:

```
n = 16 × (s / d)²
```

இங்கே s என்பது வகுப்புக்குள் உள்ள திட்டவிலக்கம், d என்பது கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு, n என்பது ஒரு பக்கத்துக்கு வேண்டிய மாணவர் எண்ணிக்கை. 15-ஐ 4-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16-ஆல் பெருக்கினால் 225. R மென்பொருளில் `power.t.test(delta = 4, sd = 15, power = 0.8)` என்று தட்டினால் 222 வரும். இந்தச் சிறு வித்தியாசம் பொருட்டல்ல. 90 சதவீதப் பவர் வேண்டுமென்றால் 16-க்குப் பதில் 21 போடுங்கள்.

சூத்திரத்தில் இருக்கும் வர்க்கத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. தேடுவது 8 மதிப்பெண் வேறுபாடு என்றால் பக்கத்துக்கு 57 பேர் போதும். 2 மதிப்பெண் என்றால் 900 பேர். வேறுபாடு பாதியானால் ஆள் நான்கு மடங்கு.

அப்படியானால் d-க்கு எதைப் போடுவது? பலரும் கையில் கிடைத்த 4-ஐயே போடுகிறார்கள். அந்த 4-ஐயே நம்ப முடியாது என்றுதானே இவ்வளவு பேசுகிறோம்? d என்பது கிடைத்த எண்ணாக இருக்கக் கூடாது. "இதற்குக் குறைவாக இருந்தால் பயிற்சித்தாள் தயாரிக்கும் உழைப்புக்குப் பயன் இல்லை" என்று நீங்களே முன்கூட்டி முடிவு செய்யும் அளவாக இருக்க வேண்டும். அது 3 என்று நீங்கள் நினைத்தால் 400 பேர். 5 என்று நினைத்தால் 144 பேர். இது புள்ளியியல் எடுத்துக்கொடுக்கும் எண் அல்ல; பாடம் நடத்துபவர் சொல்ல வேண்டியது.

ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன்: எடுத்த எடுப்பில் 8, 10 என்று ஆசைப்படாதீர்கள். புள்ளியியல் அறிஞர் ஜேக்கப் கோஹன் திட்டவிலக்கத்தில் 0.2 பங்கைச் சிறிய விளைவு என்றும், 0.5-ஐ நடுத்தரம் என்றும், 0.8-ஐப் பெரியது என்றும் சொன்னதைப் பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். கல்வித் திட்டங்களின் சோதனைகளை அலசிய மேத்யூ கிராஃப்ட், 2020-இல், மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணைப் பொறுத்தவரை 0.2-ஐயே பெரிய விளைவாகக் கொள்ள வேண்டும் என்று எழுதினார். உங்கள் தேர்வில் 0.2 என்பது 3 மதிப்பெண். நடுத்தர விளைவுக்குப் பக்கத்துக்கு 64 பேர் போதும் என்று கோஹனின் அட்டவணையைப் பார்த்துத் தொடங்கும் வகுப்பறை ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே சறுக்குகின்றன.

ஆள் குறைவாக இருந்தால் உண்மையைத் தவறவிடுவோம் என்பது ஒரு பக்கத் தீங்குதான். இன்னொன்று கண்ணில் படாமல் நடக்கும். உண்மையான வேறுபாடு 4, வகுப்புக்கு 35 பேர் என்ற நிலையில் ஐந்தில் ஒரு முறை டி-டெஸ்ட் பச்சைக்கொடி காட்டும் என்றேன் அல்லவா? அந்த ஒரு முறை கிடைக்கும் வேறுபாடு கட்டாயம் 7-க்கு மேல் இருக்கும், இல்லையென்றால் கொடியே வந்திருக்காது. அப்படி வரும் முறைகளின் சராசரியை எடுத்தால் சுமார் 9 மதிப்பெண். இருப்பது 4, அறிக்கையில் வருவது 9. பிறகு வேறொருவர் அதே முறையைச் செய்து பார்த்து ஒன்றும் கிடைக்காமல் குழம்புவார். சின்ன வகுப்பில் பெரிய வெற்றி என்ற செய்தியைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

இனி, 2,000 பேர் இருந்தாலும் போதாது என்று சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் உண்மையான முடிச்சு இதுதான்.

மேலே போட்ட கணக்கு முழுவதும், ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணும் மற்றவருடையதோடு தொடர்பில்லாதது என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஒரே வகுப்பில் இருப்பவர்கள் அப்படி இல்லை. ஒரே ஆசிரியர், ஒரே பாடவேளை, ஒரே சலசலப்பு. கேள்வி கேட்கத் துணிந்த நான்கு பேர் இருந்தால் வகுப்பு முழுவதும் தெளிவடைகிறது. மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை என்றால் வகுப்பு முழுவதும் தூங்குகிறது. இதனால் வகுப்பில் உள்ள எல்லோர் மதிப்பெண்ணும் சேர்ந்து சற்று மேலேயோ கீழேயோ போகும். இதை வகுப்புத் தள்ளல் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் புதிய முறையும் இல்லாமலேயே வகுப்புக்கு வகுப்பு இந்தத் தள்ளல் மாறும். அந்த மாற்றத்தின் திட்டவிலக்கம் 5 மதிப்பெண் என்று எடுத்துக்கொள்கிறேன். திட்டவிலக்கத்தின் வர்க்கம்தான் மாறுபாடு. அப்படியானால் மொத்த மாறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வகுப்புகளுக்கு இடையில் இருக்கிறது (25 ÷ 250). பள்ளி மதிப்பெண்களுக்கு இது மிகைப்படுத்திய எண் அல்ல.

இப்போது ஒரு முறைக்கு ஒரு வகுப்பு என்று வைத்து, வகுப்பில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். தனி மாணவர்களால் வரும் ஆட்டம் குறைந்து பூஜ்யத்தை நெருங்கும். வகுப்புத் தள்ளல் அப்படியே நிற்கும், ஏனென்றால் பக்கத்துக்கு அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சராசரியில் கரைய அதற்கு இணையான இன்னொன்று இல்லை. இரண்டு வகுப்பின் தள்ளல்களுக்கு இடையிலான வேறுபாட்டின் திட்டவிலக்கம் 5 × √2, சுமார் 7.1 மதிப்பெண். மாணவர்கள் எத்தனை ஆயிரம் ஆனாலும் திட்டப்பிழை இதற்குக் கீழே இறங்காது. நீங்கள் தேடும் 4 மதிப்பெண் அதற்குள் மூழ்கிவிடும்.

இதைவிட மோசம், டி-டெஸ்ட்டுக்கு இந்தத் தள்ளல் தெரியாது. அது வகுப்புக்குள் இருக்கும் சிதறலை மட்டும் பார்த்து, திட்டப்பிழை 3.6 என்று நம்பிக்கொண்டிருக்கும். உண்மையான திட்டப்பிழை 7.9. விளைவை நீங்களே R-இல் ஓட்டிப் பார்க்கலாம். கீழே இரண்டு வகுப்புக்கும் ஒரே முறைதான். எந்த வேறுபாடும் வைக்கப்படவில்லை:

```r
p <- replicate(5000, {
  a <- 60 + rnorm(1, 0, 5) + rnorm(35, 0, 15)
  b <- 60 + rnorm(1, 0, 5) + rnorm(35, 0, 15)
  t.test(a, b)$p.value
})
mean(p < 0.05)
```

0.05 வர வேண்டிய இடத்தில் 0.36, 0.37 என்று வரும். ஒன்றுமே இல்லாத இடத்தில் மூன்றில் ஒரு முறைக்கு மேல் "வேறுபாடு உண்டு" என்கிறது. `35` இருக்கும் இரண்டு இடத்திலும் `500` போட்டுப் பாருங்கள். மாணவர்களைக் கூட்டினால் நிலைமை சீராக வேண்டும் என்று தோன்றும். சீராகாது, பொய் எச்சரிக்கை இன்னும் கூடும். உங்களுக்கு 0.27 வந்தது ஒரு வகையில் நல்லதே. 0.03 வந்திருந்தால் யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே எண்ண வேண்டியது வகுப்புகளை. ஒரு வகுப்பின் சராசரிக்கு வரும் மாறுபாடு 25-உம், மாணவர் சிதறலால் வரும் 225 ÷ 35 = 6.4-உம் சேர்ந்து 31.4. சூத்திரத்தில் s-இன் வர்க்கத்துக்குப் பதில் இதைப் போட்டால் 16 × 31.4 ÷ 4², ஏறக்குறைய 32. பக்கத்துக்கு 32 வகுப்புகள், அதாவது 1,120 மாணவர்கள். பாடநூல் சொன்ன 225-ஐப்போல் ஐந்து மடங்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு: வகுப்புக்கு 18 பேரின் தாளை மட்டும் திருத்தினால் 38 வகுப்புகள் போதும். திருத்தும் வேலை ஏறக்குறைய 40 சதவீதம் குறைய, வகுப்புகள் ஆறுதான் கூடுகின்றன. தகவல் மாணவர் எண்ணிக்கையைவிட வகுப்பு எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். இப்படிச் செய்யும்போது அலசலும் எளிது. ஒரு வகுப்புக்கு ஒரு எண், அதன் சராசரி. அந்த எண்களை வைத்து டி-டெஸ்ட்.

இந்த அளவு மிகையாகத் தோன்றினால், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த ஸ்டார் சோதனையைப் பாருங்கள். 13 முதல் 17 பேர் கொண்ட சிறு வகுப்பையும் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பையும் ஒப்பிட்டார்கள். மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். முதல் ஆண்டிலேயே 79 பள்ளிகள், 6,000-க்கு மேற்பட்ட குழந்தைகள். அதில் தெரியவந்த வேறுபாடு, திட்டவிலக்கத்தில் சுமார் 0.2 பங்கு.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1930-இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் 20,000 பள்ளிக் குழந்தைகளை வைத்து, பால் கொடுத்தால் உயரமும் எடையும் கூடுமா என்று சோதித்தார்கள். 10,000 பேருக்குப் பால் கொடுத்தார்கள், 10,000 பேருக்குக் கொடுக்கவில்லை. குழு பிரிந்தபின் சமன் செய்யலாம் என்று ஆசிரியர்களுக்கு உரிமை தந்ததால், வாடிய குழந்தைகள் பால் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். டி-டெஸ்ட்டையே உருவாக்கிய வில்லியம் கோசெட் 1931-இல் இதை அலசி, 50 ஜோடி ஒத்த இரட்டையரை வைத்துச் செய்திருந்தால் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்று எழுதினார்.

உங்களிடம் 64 வகுப்புகள் இருக்காது. கோசெட் காட்டிய பக்கம்தான் வழி: ஆளைக் கூட்டாமல், ஒப்பீட்டை நெருக்கமாக்குவது. உங்கள் பயிற்சித்தாளுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

பயிற்சித்தாள் தனித்தனியாகக் கையில் கொடுப்பது. எனவே வகுப்பை முழுதாக ஒரு முறைக்கு ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்ப்பட்டியலைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புதிய தாள், மறு பாதிக்குப் பழைய தாள் கொடுங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிக்க வேண்டாம். பட்டியலை எந்த வரிசையில் எழுதினார்கள் என்பது உள்ளே புகுந்துவிடும். நீங்களே பார்த்துப் பிரிக்கவும் வேண்டாம். லனார்க்‌ஷயரில் நடந்தது அதுதான். இப்படிச் செய்தால் ஆசிரியரும் பாடவேளையும் சலசலப்பும் இரு பாதிக்கும் பொது. வகுப்புத் தள்ளல் கழிந்துபோகிறது. கணக்கு மறுபடி 225-க்கே திரும்புகிறது: மொத்தம் 450 மாணவர்கள், 13 வகுப்புகள்.

அதையும் குறைக்கலாம். பாடம் தொடங்கும் முன் ஒரு முன்தேர்வு வையுங்கள், அல்லது அதே பாடத்தின் சென்ற பருவ மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இறுதித் தேர்வுக்கும் ஒட்டுறவுக் கெழு 0.7 இருந்தால், மாறுபாட்டில் 0.49 பங்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகிவிடும். மீதி 0.51 பங்கோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். 225 × 0.51, பக்கத்துக்கு 115 பேர். மொத்தம் 230 மாணவர்கள், 7 வகுப்புகள். தேர்வன்று வராதவர்களுக்காக எட்டாவதாக ஒரு வகுப்பையும் சேர்த்துக்கொள்வேன். R-இல் ஒரே வரி:

```r
lm(post ~ pre + factor(class) + group)
```

இங்கே ஒரு சிறு கண்ணி இருக்கிறது. இறுதி மதிப்பெண்ணிலிருந்து முன்தேர்வு மதிப்பெண்ணைக் கழித்து, "முன்னேற்றம்" என்று ஒப்பிடும் பழக்கம் பரவலாக உண்டு. கெழு 0.7 இருந்தால் அதில் 135 பேர் தேவைப்படும், மேலே உள்ள வரியைவிடச் சற்று மோசம். கெழு 0.5-க்குக் கீழே இருந்தால், முன்தேர்வே வைக்காமல் இருப்பதைவிட மோசம். இரண்டு தேர்வின் தற்செயல் ஆட்டமும் கழித்தலில் சேர்ந்துகொள்ளும் என்பதே காரணம். முன்தேர்வைக் கழிக்காமல், மேலே உள்ளதுபோல் சமன்பாட்டில் சேர்ப்பதுதான் எப்போதும் பாதுகாப்பு.

வகுப்பைப் பிரிப்பதில் ஓர் அபாயமும் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் தாள் கண்ணில் படும், வீட்டுக்குப் போகும் வழியில் கைமாறும். பழைய தாள் பெற்றவர்களும் புதியதைப் பார்த்துப் படித்தால் இரண்டு பாதிக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கும். அது 4-லிருந்து 3-ஆகச் சுருங்கினால் 115 பேர் 204 ஆவார்கள். 2-ஆகச் சுருங்கினால் 460. அந்த அளவு கசிவு இருந்தாலும் மொத்தம் 920 மாணவர்கள். முழு வகுப்புகளை ஒதுக்கினால் தேவைப்பட்ட 2,240-ஐவிடக் குறைவுதான். அதனால் கசியுமே என்று பயந்து முழு வகுப்புகளுக்குத் திரும்ப வேண்டியதில்லை. தாள்களை வகுப்பு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்தபின், மற்றத் தாளைப் பார்த்தீர்களா என்று பெயர் எழுதாத ஒரு துண்டுச்சீட்டில் கேளுங்கள். பத்தில் ஓரிருவர் என்றால் கணக்கைத் தொட வேண்டாம். பாதிப்பேர் பார்த்திருந்தால் உங்களுக்குக் கிடைத்த வேறுபாடு தாளின் உண்மையான பயனைவிடக் குறைவான எண் என்று அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.